செம்மண் காட்டில் மணிச்சத்து: தூவி உழுவதா, சாலில் வைப்பதா?

ஆடி பிறந்து டிராக்டர் உழவு ஓடத் தொடங்கியதும் எங்கள் பக்கம் ஒரே கேள்வி சுற்றி வரும். போன வருடம் என் அக்கா மகன் கேட்டது இது: “ஏனுங்க மாமா, நம்ம செவக்காட்ல எத்தன மூட்டை டி.ஏ.பி. போட்டாலும் மண்ணே தின்னுபோடுதுங்க. தூவி உழுதுபோடறதா, சால்ல வெச்சு விதைக்கறதா? ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க.”

அவனுக்கு இரண்டு இடத்தில் நிலம். ஒன்று அந்தியூரை ஒட்டி, மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் தோட்டம். இன்னொன்று காங்கயம் பக்கம் மாமனார் வழியில் வந்த சரளைக் காடு. இரண்டும் செம்மண்தான். இரண்டிலும் மக்காச்சோளம்தான் போடுகிறான். ஆனால் இரண்டுக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் அப்படி என்பதைக் கணக்கோடு எழுதுகிறேன். நான் சில வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவன். இந்தக் கேள்விக்கு நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான்கு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது, டி.ஏ.பி. போன்ற உரத்தில் நாம் போட்ட மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், எவ்வளவை இந்த மண் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவது, மண்ணில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது. மூன்றாவது, பயிரின் வேர் இருக்கிற ஆழத்தில் ஈரம் எத்தனை நாள் நிற்கும். நான்காவது, விதைக்கிற அன்றைக்கு ஆளும் கருவியும் கைவசம் உண்டா.

மூன்றாவதும் நான்காவதும் பண்ணையம் பண்ணுகிறவருக்குத் தெரியும். இரண்டாவதை மண் பரிசோதனை அட்டை சொல்லிவிடும். முதலாவதை யாரும் சொல்வதில்லை. அட்டையில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

## செம்மண் எப்படிப் பிடித்துக்கொள்கிறது

செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. மணல், களி என்று எல்லாத் துகளின் மேலும் அது மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. உரம் கரைந்து மணிச்சத்து அந்தப் பூச்சைத் தொட்டதும் இரும்போடு நேராகப் பிணைந்துகொள்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்து போவது போல இது திரும்பி வராது. முதல் சில நாளில் பிடிப்பின் பெரும்பகுதி முடிந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, பிடி இன்னும் இறுகும்.

இதில் கவனிக்க வேண்டியது, பிடிப்பு நடப்பது பூச்சின் பரப்பில் என்பதுதான். துகள் எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு பரப்பு. மணல் பருமனாக இருக்கும் காட்டில் கொஞ்சம் இரும்பே மண் முழுவதையும் ரத்தச் சிவப்பாகக் காட்டிவிடும். ஆனால் பிடிக்கிற பரப்பு குறைவு. களி கலந்த மண் அதே சிவப்பில் இருந்தாலும் பல மடங்கு பிடிக்கும். காங்கயம் காடு பார்வைக்கு அந்தியூர்த் தோட்டத்தைவிடச் சிவப்பு. பிடிப்போ நேர்மாறு.

இன்னொரு குழப்பமும் கொங்கு நாட்டில் உண்டு. மண் வரைபடத்தில் இருகூர் வரிசை என்று வருவது சுண்ணாம்பு இல்லாத செம்மண். பாலத்துறை வரிசை சுண்ணாம்பு கலந்த செம்மண். இரண்டும் அக்கம்பக்கத்திலேயே கிடக்கும். சுண்ணாம்பு உள்ள இடத்தில் மணிச்சத்தைப் பிடிப்பதில் இரும்போடு சுண்ணாம்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பிடி மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உழும்போது சுக்கான் கல் கொழுவில் தட்டுகிற காடு என்றால் சந்தேகமே வேண்டாம். கீழே சொல்லும் சோதனை இரண்டு வகை மண்ணுக்கும் செல்லும். யார் பிடித்தாலும் மொத்தம் எவ்வளவு பிடிபட்டது என்பதைத்தான் அது அளக்கிறது.

## மூன்று டப்பாச் சோதனை

ஆய்வகத்தில் இதற்கு நுட்பமான முறைகள் இருக்கின்றன. மண்ணை மணிச்சத்துக் கரைசலோடு மணிக்கணக்கில் குலுக்கி, கரைசலில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். சொட்டுநீர்த் தோட்டத்தில் கரைத்து விடுகிற 00:52:34 தூள், மூடி உள்ள மூன்று பிளாஸ்டிக் டப்பா, சமையல் தராசு, ஊசி இல்லாத சிரிஞ்சு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். டி.ஏ.பி. வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் அதிலுள்ள மணிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரையாது, கணக்கு தப்பும்.

முதலில் மண். உரம் போடுவதற்கு முன்பே, காட்டில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மர நிழல், பழைய சால் இவற்றை விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, சரளையைச் சலித்து எடுத்துவிட்டு, டப்பாவுக்கு ஒரு கிலோ வீதம் நிறுத்துப் போடுங்கள்.

அடுத்தது கரைசல். 44 கிராம் 00:52:34 தூளை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லி கரைசலில் ஒரு மில்லிகிராம் மணிச்சத்து இருக்கும். பத்து லிட்டர் அதிகம்தான். ஆனால் 4 கிராம் தூளைச் சமையல் தராசில் சரியாக நிறுக்க முடியாது, 44 கிராமை முடியும். போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருந்தால் மணிச்சத்து அதிலேயே படிந்துவிடும். மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் டப்பாவுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு 20 மில்லி கரைசல், மூன்றாவதற்கு 40 மில்லி. கரைசலைத் தண்ணீரோடு சேர்த்து மொத்தம் 150 முதல் 200 மில்லி வரை விட்டு நன்றாகப் பிசறுங்கள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரல் நனையக் கூடாது. மூன்று டப்பாவுக்கும் ஒரே அளவு தண்ணீர். மூடியில் இரண்டு ஓட்டை போட்டு நிழலில் வைத்து, வாரம் ஒரு தடவை நிறுத்து, குறைந்த எடைக்குத் தண்ணீர் விடுங்கள். 21 நாள் கழித்து உலர்த்தி, மூன்றையும் தனித்தனி மாதிரியாக மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். மணிச்சத்து மட்டும் பார்த்தால் போதும். ஓல்சன் முறையில் பார்க்கச் சொல்லுங்கள், நம் பக்கம் பொதுவாக அதுதான். பி.எச். 6.5க்குக் கீழே இருக்கிற புளிப்பு மண்ணுக்கு மட்டும் பிரே முறை பொருத்தம்.

முடிவு வந்ததும் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். எண் எக்டேருக்கா, ஏக்கருக்கா? மணிச்சத்தாகச் சொல்லியிருக்கிறார்களா, உர மூட்டையில் இருக்கிற மாதிரி P₂O₅ கணக்கிலா? P₂O₅ என்றால் 0.44 ஆல் பெருக்க வேண்டும். ஏக்கர் என்றால் இரண்டரையால். இதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டு, முடிவே தலைகீழாகப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## இரண்டு காட்டின் கணக்கு

ஒரு எக்டேரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 22.4 லட்சம் கிலோ என்று வைப்பது வழக்கம். அப்படியானால் மூன்றாவது டப்பாவில் நாம் விட்ட 40 மில்லிகிராம், எக்டேருக்கு 90 கிலோ மணிச்சத்து போட்டதற்குச் சமம்.

அந்தியூர்த் தோட்டத்து டப்பாக்கள் எக்டேருக்கு 9, 17, 27 கிலோ என்று வந்தன. 90 கிலோ போட்டதில் கூடியது 18 கிலோ மட்டும். நூற்றுக்கு 20 கைக்கு வந்தது, 80 போனது. காங்கயம் காட்டில் 13, 35, 58. கூடியது 45 கிலோ. சரிபாதி கைக்கு வந்தது.

இந்த ‘கைக்கு வந்தது’ என்கிற விகிதம்தான் முடிவுக்குச் சாவி. அடுத்த கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஓல்சன் முறையில் எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 11 முதல் 22 நடுத்தரம், 22க்கு மேல் அதிகம் என்று வைக்கிறோம். காடு முழுவதையும் 22க்கு உயர்த்த வேண்டுமானால் என்ன ஆகும்? அந்தியூரில் 13 கிலோ கூட வேண்டும். கைக்கு வருவது ஐந்தில் ஒரு பங்கு என்பதால் எக்டேருக்கு 65 கிலோ மணிச்சத்து, அதாவது ஏக்கருக்கு 26 கிலோ போட வேண்டும். டி.ஏ.பி.யில் 130 கிலோ, இரண்டரை மூட்டைக்கு மேல். மூட்டை 1350 ரூபாய் என்றால் ஏக்கருக்கு மூவாயிரத்து ஐந்நூறு. காங்கயத்தில் 9 கிலோ கூட வேண்டும். பாதி கைக்கு வருவதால் ஏக்கருக்கு 7 கிலோ சொச்சம், டி.ஏ.பி. 36 கிலோ. ஒரு மூட்டைகூட முழுதாக வேண்டாம்.

இரண்டும் செம்மண். ஒன்றுக்கு மண்ணை நிரப்புவது கைக்கு எட்டுகிற செலவு, மற்றொன்றுக்கு எட்டாத செலவு.

நான் வைத்திருக்கிற கோடு இதுதான்: நூற்றுக்கு 25க்குக் கீழ் கைக்கு வந்தால் கடுமையான பிடிப்பு, 40க்கு மேல் வந்தால் லேசான பிடிப்பு. நடுவில் வந்தால் மற்ற மூன்று விஷயம் முடிவு செய்யட்டும். இது எல்லா ஊருக்கும் அடித்து வைத்த எல்லை இல்லை, இந்த 21 நாள் சோதனைக்கு நான் கையாளும் அளவு. டப்பாவில் மண் முழுவதும் நுணுக்கமாகக் கலந்துவிடுகிறோம், காட்டில் குருணை குருணையாக விழுகிறது. அதனால் டப்பா பிடிப்பைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். 21 நாளோடு நிறுத்துவதால் மாதக்கணக்கில் நடக்கும் இறுக்கம் அதில் வராது, அந்த வகையில் குறைத்தும் காட்டும்.

## தூவி உழுவது

அடியுரத்தைக் காடு முழுக்கத் தூவி, கடைசி உழவில் மண்ணோடு கலப்பது. வேலை சுலபம். விதைக்கிற நாளுக்கு முன்பே முடித்துவிடலாம். வேர் போகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சத்து இருக்கும். பாத்தி முழுக்க நெருக்கமாக நிற்கும் சின்ன வெங்காயம், ராகி மாதிரிப் பயிருக்கு இதுதான் இயல்பான வழி.

மறைந்திருக்கும் செலவு பிடிப்புதான். வீரிய மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு 30 கிலோ P₂O₅ பொதுப் பரிந்துரை. அது 65 கிலோ டி.ஏ.பி., அதில் அசல் மணிச்சத்து 13 கிலோ. ஏக்கரின் 9 லட்சம் கிலோ மண்ணில் அதைப் பரப்பினால் கிலோ மண்ணுக்கு 14 மில்லிகிராம் சொச்சம் வருகிறது. இரும்புப் பூச்சில் காலியாக இருக்கும் இடங்கள் முதலில் நிரம்பும். அதுவும் இறுகப் பிடிக்கிற இடங்கள்தான் முதலில் நிரம்பும். அந்தியூர் மண்ணில் 14 மில்லிகிராம் போட்டு 3 மில்லிகிராம்கூடக் கைக்கு வராது என்று டப்பாவே சொல்கிறது.

இரண்டாவது மறைசெலவு, உழாமல் விடுவது. தூவிவிட்டு மழை வரும் என்று காத்திருக்கிறவர்கள் உண்டு. மணிச்சத்து தழைச்சத்து மாதிரி தண்ணீரோடு கீழே இறங்காது. குருணை விழுந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று செ.மீ. நகர்ந்தாலே அதிகம். மேல் மண்ணில் தங்கியது வெயிலில் காய்ந்த மண்ணோடு கிடக்கும், வேர் அங்கே வராது. சரிவுக் காட்டில் முதல் பலத்த மழை மேல் மண்ணோடு அதையும் ஓடைக்குக் கொண்டுபோகும். களைக்கும் இது சமபந்தி விருந்து. சாலுக்கு இடையே முளைக்கும் களையும் அதே சத்தைத்தான் தின்கிறது.

தூவுவது ஜெயிக்கிற இடமும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிடிப்பு லேசாக இருந்து, மண்ணில் மணிச்சத்து நடுத்தரமோ அதற்கு மேலோ இருந்தால், சாலில் வைத்தாலும் தூவினாலும் விளைச்சலில் பெரிய வேறுபாடு வராது. அப்போது வேலை மிச்சம் பார்ப்பதே புத்திசாலித்தனம். சொந்த நிலத்தை நாலைந்து வருடத்தில் மெல்ல உயர்த்த நினைக்கிறவருக்கும் லேசான பிடிப்புள்ள மண்ணில் தூவுவதே சரி. போட்டது வீண் போகாது, அடுத்தடுத்த பயிருக்கு மிஞ்சும். குத்தகைக் காட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

## சாலில் வைப்பது

விதை வரிசையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, விதை ஆழத்துக்கு 5 செ.மீ. கீழே, ஒரு கோடாக உரத்தை வைப்பது. டிராக்டர் விதைக் கருவியில் உரப் பெட்டி இருந்தால் அதுவே செய்யும். இல்லாவிட்டால் ஏர் ஓட்டி, சாலில் உரத்தைப் போட்டு மண் தள்ளி, பக்கத்தில் விதை ஊன்றலாம்.

ஏன் இது வேலை செய்கிறது என்பதைக் கணக்கில் பார்த்தால் புரியும். மக்காச்சோளத்துக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ. 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரமுள்ள கோட்டில் உரம் கலப்பதாக வைத்தால், 15 செ.மீ. ஆழ மண்ணில் அது நூற்றுக்கு 3 பங்குகூட இல்லை. ஏக்கருக்கு 25 ஆயிரம் கிலோ மண்தான். அதே 13 கிலோ மணிச்சத்து அதற்குள் நெருங்கினால் கிலோவுக்கு 520 மில்லிகிராம். அந்த 25 ஆயிரம் கிலோ மண்ணின் இறுக்கப் பிடி நிரம்பி வழிந்து, மிச்சம் பயிருக்குக் கிடைக்கும். மீதி எட்டே முக்கால் லட்சம் கிலோ மண்ணுக்கு உரத்தைத் தொடவே வழியில்லை. சத்துள்ள கோட்டைக் கண்டதும் மக்காச்சோள வேர் அங்கேயே கொத்தாகக் கிளைக்கும். டி.ஏ.பி.யில் அமோனியமும் சேர்ந்திருப்பதால் அந்தக் கிளைப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

அதனால் கடுமையான பிடிப்பும் குறைந்த மணிச்சத்தும் உள்ள காட்டில், தூவும் அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு சாலில் வைத்தாலே பயிர் சமாளிக்கும். அதற்கும் கீழே குறைப்பது சரியில்லை. வேரில் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. வெளியே ஒன்றுமே இல்லாத மண்ணில் கோட்டை மட்டும் நம்பினால் தானிய மணி பிடிக்கும் நேரத்தில் பற்றாக்குறை தெரியும்.

இதன் மறைசெலவுகள் விதைக்கிற அன்றைக்கு வரும். முதலாவது, விதை கருகுவது. டி.ஏ.பி. கரையும்போது அமோனியா வெளியேறும். விதையோடு ஒட்டி விழுந்தால் முளை கருகிப்போகும். மணல் செம்மண்ணில், ஈரம் குறைவாக இருக்கும்போது, சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் இது மோசமாகும். காட்டில் எப்படித் தெரியும்? முளைப்பு வரிசையில் முழம் முழமாக இடைவெளி விழும். தோண்டிப் பார்த்தால் விதை உப்பி, முளை நுனி பழுப்பாக இருக்கும். பூச்சி தின்ற விதை என்றால் உள்ளே குடைந்திருக்கும், இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். விதைக்கும் உரத்துக்கும் நடுவே இரண்டு விரல் மண் கட்டாயம் வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் அமோனியா பயம் இல்லை. ஆனால் அதில் P₂O₅ நூற்றுக்கு 16தான். டி.ஏ.பி. ஒரு மூட்டைக்கு மூன்று மூட்டை தூக்க வேண்டும். கடலை போடுகிறவருக்கு அது நஷ்டமில்லை, கூடவே கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் வருகிறது.

இரண்டாவது, துத்தநாகம். நம் செம்மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறை சாதாரணம். ஒரே வேலையாக முடிக்கலாம் என்று துத்தநாக சல்பேட்டையும் டி.ஏ.பி.யோடு கலந்து சாலில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக் கரையாமல் போகும். ஒரு வருடம் நானே அப்படிச் செய்தேன். இருபது நாளில் இளம் இலையின் அடிப்பகுதியில் வெள்ளைப் பட்டை விழுந்தது. துத்தநாகத்தைத் தனியாக, மணலோடு கலந்து, காடு முழுக்கத் தூவுங்கள்.

மூன்றாவது, ஈரம். மேல் 10 செ.மீ. காய்ந்து, வேர் கீழே இறங்கிவிட்டால், சாலில் வைத்தது காய்ந்த மண்ணில் சிறைப்பட்டுக் கிடக்கும். மானாவாரிக் காட்டில் ஆடி, ஆவணியில் தென்மேற்குச் சாரல் விட்டு விட்டு வரும். அங்கே தரைமட்டத்திலிருந்து 5 செ.மீ. போதாது, உரத்தை 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் வைக்க வேண்டும். கருவி அவ்வளவு ஆழம் போகாது என்றால் சாலின் பலன் பாதியாகும்.

நான்காவது செலவு அடுத்த வருடம் தெரியும். பழைய கோடுகள் மண்ணில் இருக்கும். மண் மாதிரி எடுக்கும்போது இரண்டு குழி கோட்டின் மேல் விழுந்தால் அட்டையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று வரும். காடு முழுக்கப் பட்டினி, அட்டை மட்டும் நிறைவு. கோடு எங்கே என்று தெரிந்தால் அதை விட்டு எடுங்கள். தெரியாவிட்டால் குழிகளின் எண்ணிக்கையை இருபதாகக் கூட்டுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எதைப் பார்ப்பது | தூவி உழுவது | சாலில் வைப்பது |
|---|---|---|
| கைக்கு வருவது 25க்குக் கீழ் | உரம் பெரும்பகுதி மண்ணுக்கே | இதுதான் வழி |
| கைக்கு வருவது 40க்கு மேல் | போதும், மிச்சமும் அடுத்த பயிருக்கு | முதல் வருடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் பலன் |
| ஓல்சன் 11க்குக் கீழ் | அளவு கூட வேண்டும் | குறைந்த அளவில் இளம்பயிர் எழும் |
| ஓல்சன் 22க்கு மேல் | பராமரிப்பு அளவு தூவினால் சரி | கூலி வீண் |
| மேல் மண் சீக்கிரம் காயும் மானாவாரி | உழவு ஆழம் இருந்தால் ஓரளவு | 8 செ.மீ.க்குக் கீழே வைத்தால் மட்டும் |
| நெருக்கமான பாத்திப் பயிர் | பொருத்தம் | நடைமுறைக்கு ஒத்துவராது |
| விதைப்பு நாள் வேலை | குறைவு | கருவி, ஆள், கவனம் மூன்றும் வேண்டும் |

கருவி இல்லாத மானாவாரிக் காட்டுக்கு நடுவழி ஒன்று உண்டு. ஊட்டமேற்றிய தொழு உரம். எக்டேருக்கு 750 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தோடு, போட வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரப்படுத்தி, ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு சாலில் இடுவது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது. எருவின் அமிலங்கள் இரும்புப் பூச்சின் இடங்களுக்குப் போட்டி போடும். மணிச்சத்து குருணையாக இல்லாமல் எருவுக்குள் பொதிந்திருப்பதால் மண் நேராகத் தொடவும் முடியாது. எரு இருக்கிறவர்கள் சால், தூவல் சண்டைக்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு வேறு கணக்கு. சொட்டுவானின் கீழே தினமும் நனைகிற மண்ணில் கரையும் உரம் விட்டால் அதுவே ஒரு சால்தான். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமென்றால் குழாய்க்குள்ளேயே படிந்து அடைக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அவன் என்ன செய்தான்

அந்தியூர்த் தோட்டத்தில் முடிவு எளிது. கைக்கு வருவது 20, ஓல்சன் 9, கிணற்றுப் பாசனம் இருப்பதால் ஈரம் பிரச்சினையில்லை, வாடகைக்கு உரப்பெட்டியோடு விதைக் கருவி கிடைத்தது. ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. சாலில் வைத்தான். 23 கிலோ P₂O₅, பரிந்துரையில் முக்கால் பங்கு. கருவியை ஓட விட்டு முதல் பத்தடியைத் தோண்டிப் பார்க்கச் சொன்னேன். உரக் குழாய் விதைக் குழாயோடு ஒரே கோட்டில் இறங்கியது. இரண்டு விரல் தள்ளி மாட்டிய பிறகுதான் விதைத்தோம்.

காங்கயம் காட்டில் கைக்கு வருவது 50, ஓல்சன் 13. மானாவாரி, சரளை தட்டுகிற மண், கருவி 5 செ.மீ.க்கு மேல் இறங்கவில்லை. அங்கே ஒரு மூட்டையைத் தூவி, கலப்பையால் ஆழ உழுது கலக்கச் சொன்னேன். அவனுக்கு மனசில்லை. “அங்கதானுங்க மாமா மண்ணு இன்னும் செவப்பா இருக்குது” என்றான். டப்பா முடிவை மறுபடி காட்டினேன்.

அந்தியூரில் ஒரு ஓரத்தில் எட்டு வரிசை விட்டு வைத்தோம். நாலு வரிசைக்கு உரம் இல்லை, நாலு வரிசைக்கு அதே அளவைத் தூவிக் கொத்திக் கலந்தது. 25 நாளில் தூவிய நாலு வரிசை, ஒன்றும் போடாத நாலு வரிசையிலிருந்து கொஞ்சமே முன்னால் இருந்தது. இரண்டிலும் கீழ் இலை ஓரம் ஊதா பாய்ந்திருந்தது. சாலில் வைத்த வரிசைகளில் ஊதா இல்லை, தண்டும் பருமன் கூடுதல். ஊதாவை மட்டும் நம்ப வேண்டாம். மார்கழிக் குளிரிலும், வேர்ப்புழு தின்றாலும், சில ரகத்தில் இயல்பாகவும் அது வரும். பக்கத்து வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம்.

இந்த ஆடிக்கும் அந்தத் தோட்டத்துக்கு ஒரு மூட்டையே சொல்லியிருக்கிறேன். அதே வரிசையில், பழைய கோட்டின் மேலேயே விதைக்கச் சொல்லி வரப்பில் முளை அடித்து வைத்திருக்கிறான்.